ஏசி ஓடுது, ஆனா குளிரலை: செட்டிநாட்டு வீடுகளில் ஃபில்டர், காயில், காற்றோட்டம் பார்க்கும் முறை

ஸ்பிளிட் ஏசி சத்தமில்லாம ஓடுது, லைட்டெல்லாம் எரியுது, ரூம் மட்டும் குளிரவே இல்லை. எங்கேயிருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். காற்று குறைந்துவிட்டதா, அல்லது காற்று நன்றாக வந்தும் அதில் குளிர்ச்சி குறைந்துவிட்டதா? இந்த இரண்டும் வேறு வேறு நோய். காற்று குறைந்திருந்தால் கோளாறு அநேகமாகச் சுவரில் மாட்டியிருக்கும் இன்டோர் யூனிட்டில்: ஃபில்டர், காற்றைக் குளிர்விக்கும் காயில், காற்றை வீசும் ப்ளோயர். காற்று பழையபடி வந்து, குளிர்ச்சி மட்டும் குறைந்திருந்தால் வெளியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டைப் பார்க்க வேண்டும், அல்லது கேஸைச் சந்தேகப்பட வேண்டும்.

இதைப் பிரிக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "கேஸ் கம்மி, ஏத்தணும்" என்பதில் போய் முடிவது வழக்கம். செம்மண் புழுதி நிறைந்த இந்தப் பக்கத்து ஊர்களில், கேஸ் குறைந்து வரும் புகாரைவிட அழுக்கு அடைத்து வரும் புகாரே அதிகம்.

காற்று குறைஞ்சிருக்கா, குளிர் குறைஞ்சிருக்கான்னு வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கம்பியோடு வரும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ரிமோட்டில் கூல் மோடு, 18 டிகிரி, ஃபேன் அதிகபட்சம் என்று வைத்து, கதவு ஜன்னலைச் சாத்தி 15 நிமிடம் ஓட விடுங்கள். இன்வெர்ட்டர் ஏசியில் 24, 25 என்று வைத்து அளந்தால் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும், கணக்கு தப்பாக வரும். அதனால்தான் 18.

பிறகு இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். இன்டோர் யூனிட்டின் மேல்புறக் கிரில்லில் காற்று உள்ளே போகும் இடம் ஒன்று. கீழே காற்று வெளியேறும் வாயின் நடுப்பகுதி இன்னொன்று. கம்பியின் நுனியை உள்ளே திணிக்காதீர்கள். ப்ளோயர் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு இறகு உடைந்தாலும் மொத்த உருளையும் அதிரும். காற்றைத் திருப்பிவிடும் தகட்டில் ஒரு டேப் போட்டு ஒட்டினால் சரி. ஒரே தெர்மாமீட்டரால் இரண்டு இடத்தையும் அளந்தால், அது ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டினாலும் வித்தியாசம் மாறாது.

வித்தியாசம் 9 முதல் 12 டிகிரிக்குள் இருந்தால் இயந்திரம் குளிர்விக்கிறது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் 7, 8 வந்தாலும் பதற வேண்டாம். காற்றிலிருக்கும் ஈரத்தைத் தண்ணீராக்கி வடிக்கவே பாதி உழைப்பு போய்விடும். ட்ரெயின் பைப்பில் தண்ணீர் ஒழுங்காகச் சொட்டுவதே அதற்குச் சாட்சி.

வித்தியாசம் 13, 14 என்று ஏறியிருந்து, காற்றும் பலவீனமாக இருந்தால் அடைப்பு இன்டோர் யூனிட்டில். 5, 6 என்று இறங்கியிருந்து, காற்று பலமாக வந்தால் அவுட்டோர் யூனிட் அல்லது கேஸ். இரண்டும் சரியாக இருந்தால் ஏசியை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்லியிருக்கிறோம்.

வாய்கிட்ட கையை வச்சா ஐஸ் மாதிரி இருக்கே. அப்புறம் எப்படி ஏசியில கோளாறுன்னு சொல்றீங்க?

கை ஏமாறும் இடம் இதுதான். அறைக்குள் வந்து சேரும் குளிர்ச்சி என்பது, காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதோடு எவ்வளவு காற்று வருகிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கிய கணக்கு. ஃபில்டரும் காயிலும் அடைத்தால், உள்ளே நுழையும் கொஞ்சம் காற்று காயிலோடு அதிக நேரம் ஒட்டிக்கொண்டு போகிறது. அதனால் அதிகமாகக் குளிர்ந்து வெளியே வருகிறது. ஆனால் அளவு சுண்டிப் போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடிக்கு 14 அடி அறை, 1.5 டன் ஏசி, சித்திரை மாதத்துப் பிற்பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளே போகும் காற்று 31 டிகிரி, கீழே வரும் காற்று 16.5. வித்தியாசம் 14.5. காற்றின் வேகத்தை அளக்கும் சிறு கருவியை வாயின் நடுவில் பிடித்தால் நொடிக்கு 2.6 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 38.

ஃபில்டரை மட்டும் கழுவி மாட்டினால் வேகம் 3.2 ஆகிறது, வித்தியாசம் 13.5-க்கு இறங்குகிறது. பெருக்கினால் 43. இத்தோடு நிறுத்தினால் "ஃபில்டர் கழுவியும் பெரிசா மாத்தமில்லையே" என்றுதான் தோன்றும். காயிலையும் ப்ளோயரையும் கழுவிய பிறகு வேகம் 4.8, வித்தியாசம் 11. பெருக்கினால் 53. காற்றின் குளிர்ச்சி மூன்றரை டிகிரி குறைந்திருக்கிறது, ஆனால் அறைக்கு வந்து சேரும் குளிர்ச்சி ஏறத்தாழ 40 சதவீதம் கூடியிருக்கிறது. ஈரப்பதத்தை விட்டுவிட்டுப் போட்ட கரடுமுரடான கணக்குதான் இது. ஆனாலும் ஒரே ஏசியை முன்னும் பின்னும் ஒப்பிட இது போதும்.

காற்றளவுக் கருவி இல்லாதவர்கள் ஒரு டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்துக் குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். ஏசி வாயிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போகும்வரை அது ஆடுகிறது என்று குறித்துவையுங்கள். கழுவிய பிறகு அதே ஃபேன் வேகத்தில் மறுபடி பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஃபில்டரா, காயிலான்னு பிரிச்சுப் பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது, இரண்டே நிமிட வேலை. ஃபேன் மோடில் அதிக வேகத்தில் ஓடவிட்டு, டிஷ்யூ பேப்பரைப் பிடித்துப் பாருங்கள். அணைத்து, ஃபில்டர்களைக் கழற்றிவிட்டு முன்மூடியைச் சாத்தி, மறுபடி ஓடவிடுங்கள். காற்று சட்டென்று கூடினால் குற்றவாளி ஃபில்டர். எந்த மாற்றமும் தெரியாவிட்டால் அழுக்கு ஃபில்டரைத் தாண்டிப் போய்விட்டது. காயிலிலோ ப்ளோயரிலோ உட்கார்ந்திருக்கிறது.

சோதனைக்கு மட்டும்தான் இது. ஃபில்டர் இல்லாமல் காற்று நன்றாக வருகிறதே என்று அப்படியே விட்டால், ஒரே கோடையில் காயில் கம்பளி போர்த்தியது போலாகிவிடும்.

ஃபில்டரை நாங்க கழுவிக்கிட்டுதான் இருக்கோம். அதுல என்ன தப்பு வரப்போகுது?

நான்கைந்து தப்பு வரும். தண்ணீரை எந்தப் பக்கமிருந்து பாய்ச்சுகிறீர்கள் என்பது முதலாவது. தூசி படிந்திருப்பது வெளிப்பக்கத்தில். அந்தப் பக்கமே குழாயைக் காட்டினால் தூசி வலைக் கண்ணுக்குள் இன்னும் இறுகும். உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் போக வேண்டும்.

சமையலறையை ஒட்டிய அறையென்றால் எண்ணெய்ப் புகையும் செம்மண் தூசியும் சேர்ந்து களிம்பு போலப் பிடித்திருக்கும். வெறும் தண்ணீருக்கு அது அசையாது. பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி விட்ட தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மெத்தென்ற பிரஷ்ஷால் தடவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், 40 டிகிரியைத் தாண்டினால் சட்டம் வளையும். வெயிலில் காயப்போட்டாலும் அதே கதைதான். சட்டம் வளைந்த ஃபில்டர் ஓரத்தில் இடைவெளி விடும், காற்று அந்தச் சந்து வழியாகத் தூசியோடு நேராகக் காயிலுக்குப் போகும்.

காய்ந்ததா என்று சரியாகப் பார்க்காமல் மாட்டுவதும் தப்பு. ஈர வலையில் தூசி ஒட்டினால் ஒரு வாரத்திலேயே மறுபடி அடைக்கும், பூஞ்சை வாடையும் வரும். நிழலில் முழுக்க உலரட்டும். தூசி உள்ளே போகக் கூடாது என்று ஃபில்டர் மேல் மெல்லிய துணியைப் போர்த்துகிறவர்களும் உண்டு. அந்தத் துணி தடுப்பது காற்றைத்தான்.

மெயின் வலைக்குப் பின்னால் சிறிய சதுரத்தில் நுண்தூசி ஃபில்டர் ஒன்று இருக்கலாம். பல மாடல்களில் அது கழுவக்கூடாத ரகம். கறுத்துப் போயிருந்தால் மாற்றுங்கள். மாற்று கிடைக்கும்வரை கழற்றி வைத்தாலும் குளிர்ச்சிக்கு ஒரு குறையும் வராது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? சாதாரண வீட்டுக்கு 15 நாள். மண் ரோட்டை ஒட்டிய வீடு, புதுவயல் போல அரிசி ஆலைகள் சூழ்ந்த இடம் என்றால் பங்குனி தொடங்கி ஆடி வரை வாரம் ஒருமுறை.

காயில் முன்னாடி பளிச்சுன்னுதானே இருக்கு. மெக்கானிக் ஏன் அழுக்குன்னு சொல்றார்?

காயில் ஒரே பலகையாக இருப்பதில்லை. நம் ஓட்டுக் கூரை போல இரண்டு சரிவாக மடங்கி, நடுவில் முகடு வைத்தது போல இருக்கும். அந்தக் கூரைக்குள்தான் ப்ளோயர் என்ற நீள உருளை சுற்றுகிறது. மூடியைத் திறந்தால் உங்களுக்குத் தெரிவது முன்சரிவு மட்டும். காற்றில் நல்ல பங்கு மேல்கிரில் வழியாக நுழைந்து பின்சரிவிலும் போகிறது. வீட்டில் ஸ்ப்ரே அடிக்கும்போதும், அவசரச் சர்வீஸிலும் எட்டாத இடம் அதுதான்.

ஏசிக்கு வரும் கரன்ட்டை நிறுத்தும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு ஃபில்டரைக் கழற்றுங்கள். ஸ்டூலில் ஏறி, மேல்கிரில் வழியாக டார்ச்சைச் சரிவாக அடித்துப் பாருங்கள். ஃபின் என்கிற மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அளவுகூட இடைவெளி இருக்காது. தகடு தகடாகக் கோடு தெரிந்தால் நல்லது. கோடுகள் மறைந்து சாம்பல் நிறத்தில் ஒரே பரப்பாகத் தெரிந்தால் அடைத்திருக்கிறது. ஒரு பல்குச்சியால் மேலாக, தகட்டின் போக்கிலேயே கீறிப் பாருங்கள். பஞ்சுத் திரி போல உருண்டு வந்தால் கழுவியே ஆக வேண்டும். ஓடும்போது காயில் ஈரமாக இருக்கிறது, அதில் தூசி விழுந்து, இலவம்பஞ்சு மெத்தையின் நூலும் சேர்ந்து, நின்றதும் காய்ந்து ஒரு படலமாகிறது. அடுத்த நாள் அதன் மேல் அடுத்த படலம்.

காயிலை வீட்டிலேயே கழுவலாமா?

முன்சரிவை மட்டும் கழுவலாம். பின்சரிவையும் ப்ளோயரையும் வாட்டர் சர்வீஸுக்கு விடுங்கள்.

எம்.சி.பி.யை அணைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். எலக்ட்ரானிக் போர்டு பெரும்பாலும் வலது ஓரத்தில் இருக்கும்; அதைப் பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டுங்கள். தண்ணீர் போர்டில் பட்டால் ஏசி சர்வீஸைவிடப் பத்து மடங்கு செலவு. கீழே ஆத்தங்குடி கல் என்றால் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள், அழுக்குத் தண்ணீர் கறை பிடிக்கும். செடிக்குத் தெளிக்கும் 2 லிட்டர் கை ஸ்ப்ரேயர் போதும். முதலில் காய்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தகட்டின் போக்கில் தூசியைத் தட்டுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும், மடங்கிய இடத்தில் காற்று நுழையாது.

பிறகு அலுமினியக் காயிலுக்கென்று விற்கும் கிளீனரை, அதன் லேபிளில் சொன்ன அளவில் கலந்து தெளித்து, சொன்ன நேரம் ஊறவிட்டு, சுத்தத் தண்ணீரால் அலசுங்கள். கடைசி அலசலுக்குப் போர் தண்ணீரைவிடக் குடிதண்ணீர் மேல். போர் தண்ணீரின் உப்பு தகட்டில் வெள்ளையாகப் படியும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் கொண்டுபோகவே கூடாது. முதல் நாள் காயில் வெள்ளிபோல மின்னும். பிறகு அலுமினியம் பொடிப்பொடியாக உதிர ஆரம்பிக்கும், செம்புக் குழாயிலும் அரிப்பு ஏறும், கேஸ் கசிவுக்கு அது வழிவிடும்.

அலசிய தண்ணீர் ட்ரெயின் பைப் வழியாகத் தடையில்லாமல் வெளியேறுகிறதா என்று அப்போதே பாருங்கள். காயிலில் இருந்து இறங்கிய சேறு தட்டில் தங்கி வாயை அடைத்தால், நாளைக்குச் சுவரில் தண்ணீர் வழியும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் அந்தக் கறை லேசில் போகாது.

ஃபில்டர், காயில் ரெண்டும் கழுவியாச்சு. இன்னும் காத்து பழையபடி வரலையே?

ப்ளோயரைப் பாருங்கள். பலரும் மறந்துபோகும் பாகம் இது. எம்.சி.பி. அணைந்திருக்கும்போது, காற்று வரும் தகட்டை மெதுவாகத் திறந்து டார்ச் அடித்தால் நீள உருளை தெரியும். அதன் இறகுகள் சின்னக் கரண்டி போல உட்குழிந்தவை. அந்தக் குழிவுதான் காற்றை வாரி வீசுகிறது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்குத் தூசி நிரம்பினால் குழிவு மேடாகிவிடும், உருளை அதே வேகத்தில் சுற்றினாலும் காற்று வழுக்கிக்கொண்டு போகும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் ஒரு இறகைத் துடைத்துப் பாருங்கள். கறுப்பாகத் திட்டுத் திட்டாக வந்தால் அதுதான் மிச்சம் இருந்த அடைப்பு. வாயிலிருந்து கறுப்புத் துணுக்கு பறப்பது, பட படவென்று ஒரு சத்தம், புழுங்கிய வாடை, இவையும் இதன் அடையாளமே.

சர்வீஸுக்கு ஆள் வரும்போது "ப்ளோயரையும் கழுவுவீங்களா, பின்பக்கக் காயிலுக்கும் தண்ணி அடிப்பீங்களா" என்று முன்கூட்டியே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். ஃபில்டரைத் தட்டி, முன்பக்கம் காற்றடித்துவிட்டுப் போவதும் சர்வீஸ் கணக்கில்தான் வருகிறது.

காயில் மேல ஐஸ் கட்டியிருக்கு. கேஸ் கம்மியானாதான் ஐஸ் கட்டும்னு சொல்றாங்களே?

கேஸ் குறைந்தாலும் கட்டும், காற்று குறைந்தாலும் கட்டும். காற்று போதாதபோது காயிலுக்குச் சூடு வந்து சேருவதில்லை, அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, வடிய வேண்டிய தண்ணீர் அங்கேயே உறைகிறது. அழுக்கினால் கட்டும் ஐஸ் பெரும்பாலும் காயில் முழுக்கப் பரவலாக இருக்கும். கேஸ் குறைவினால் கட்டுவது ஒரு மூலையில், கேஸ் உள்ளே நுழையும் பக்கத்தில் தொடங்கும்; வெளியே மெல்லிய குழாயிலும் வெள்ளைப் பூச்சு தெரியும்.

இதில் ஒரு பெரிய பணச்செலவு ஒளிந்திருக்கிறது. அடைத்த காயிலோடு, கேஸ் அழுத்தத்தை அளக்கும் கேஜை மாட்டினால் அது இயல்பாகவே குறைவாகக் காட்டும். உள்ளே கேஸ் சரியாகத்தான் இருக்கும், ஆனால் முள் "கம்மி" என்று சொல்லும். அந்த முள்ளை நம்பிக் கேஸ் ஏற்றிவிட்டு, ஒரு மாதம் கழித்துக் காயிலைக் கழுவினால், இப்போது கேஸ் அளவுக்கு மீறி நிற்கும். அழுத்தம் ஏறி, கரன்ட் கூடுதலாக இழுத்து, கத்திரி வெயிலில் கம்ப்ரஸர் விட்டு விட்டு நிற்க ஆரம்பிக்கும். எனவே கழுவிய பிறகுதான் கேஜ். ஆர்-32, ஆர்-410ஏ கேஸ்களை அழுத்தம் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றாமல், இருப்பதை எடுத்துவிட்டு, அவுட்டோர் யூனிட்டின் தகட்டில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி தராசில் நிறுத்து ஏற்றுவதுதான் முறை. கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. ஓட்டையை அடைக்காமல் ஏற்றுவது வீண்.

ஐஸை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள். ஃபேன் மோடில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டால் தானே உருகும்.

இன்வெர்ட்டர் ஏசியில் ஐஸ் கட்டாமலும் இதே நோய் இருக்கும். காயில் மிகவும் குளிர்ந்துவிட்டது என்று அதன் சென்சார் சொன்னதும், உறையாமல் இருக்கக் கம்ப்ரஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஐஸும் இல்லை, எரர் கோடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

ராத்திரி நல்லா குளிருது, மத்தியானம்தான் சுத்தமா குளிரலை. இது எதனால?

இன்டோரில் காற்று நன்றாக இருக்கிறதென்றால் அவுட்டோர் யூனிட்டுக்கு மூச்சு முட்டுகிறது. அறையிலிருந்து எடுத்த சூட்டை அது வெளிக்காற்றில் தள்ள வேண்டும். வெளியே 39 டிகிரி, அதன் காயிலில் மண் படலம், இரண்டும் சேர்ந்தால் தள்ள முடியாது. இரவில் வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் எப்படியோ சமாளித்துவிடும்.

செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முகப்பின் அழகு கெடக் கூடாது என்று அவுட்டோர் யூனிட்டை இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சந்திலோ, மரச்சட்டம் அடித்த மறைப்புக்குள்ளோ, வளவின் மூலையிலோ வைத்துவிடுகிறார்கள். முன்னால் அது தள்ளும் வெந்த காற்று எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி, பின்பக்கம் அதே யூனிட்டுக்குள் போகும். தெர்மாமீட்டரை யூனிட்டின் பின்பக்கம் வைத்துப் பாருங்கள். சந்துக்கு வெளியே நிழலில் 37 என்றால் அங்கேயும் 37, 38 தான் காட்ட வேண்டும். 42, 43 காட்டினால் தன் சூட்டையே தான் குடிக்கிறது. பின்னால் ஒரு அடி, முன்னால் குறைந்தது இரண்டு அடி, முடிந்தால் மூன்று அடி, திறந்த வெளி வேண்டும். மரச்சட்ட மறைப்பு இருந்தே ஆக வேண்டுமென்றால், காற்று வெளியேறும் பக்கத்தை மட்டுமாவது முழுக்கத் திறந்துவிடுங்கள்.

கழுவும்போது எம்.சி.பி. அணைத்து, குழாய்த் தண்ணீரை மிதமாக, மேலிருந்து கீழாகப் பாய்ச்சுங்கள். பைக் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம், தகடுகள் படுத்துவிடும். வயர் இணைப்பு இருக்கும் பக்கத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள். அரிசி ஆலைப் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை: தண்ணீர் விடும் முன் காய்ந்த பிரஷ்ஷாலோ காற்றடித்தோ தவிட்டுத் தூசியை உதிர்த்துவிடுங்கள். தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு. நேராகத் தண்ணீர் விட்டால் மாவு பிசைந்தது போலத் தகடுகளுக்குள் அப்பிக்கொள்ளும், பிறகு கிளீனர் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாம் அளந்தாச்சு, எல்லாம் சரியாத்தான் இருக்கு. கல்யாணத்துக்கு வீட்டைத் திறந்த அன்னைக்கு மட்டும் ஏசி குளிரவே மாட்டேங்குது.

அது ஏசியின் குற்றமில்லை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டின் கனத்த சுவர்களில் கோடைச் சூடு ஏறி உட்கார்ந்திருக்கும். அறைக் காற்றைக் குளிர்விக்க அரை மணி நேரம் போதும், அந்தச் சுவர் சூட்டை இறக்க ஒரு இரவாவது ஆகும். விருந்தாளி வருவதற்கு முந்தைய நாள் மாலையே ஜன்னல்களைத் திறந்து வெக்கையை வெளியேற்றி, இரவில் சாத்தி ஓடவிடுங்கள்.

கூரை உயரத்தையும் கவனியுங்கள். 12 அடிக்கு 14 அடி அறையே 13 அடி உயரமென்றால், 10 அடி உயர அறையைவிடக் காற்று 30 சதவீதம் அதிகம். கடையில் டன் கணக்கைத் தரை அளவை மட்டும் வைத்துச் சொல்லியிருப்பார்கள். குளிர்ந்த காற்று கீழேயே தங்கும் என்பதால் உயரம் முழுக்கவும் பாதகமில்லை. ஆனால் மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டால் மேலே நிற்கும் வெந்த காற்று கட்டிலுக்கு இறங்கி வரும். ஃபேன் 1, 2-இல் இருக்கட்டும். கூரைக்கு அருகே இருக்கும் பழைய காற்றுத் துவாரங்களைச் சாத்திவிட்டீர்களா என்றும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இன்டோர் யூனிட் பரணுக்கு அடியில் ஒட்டி மாட்டப்பட்டிருந்தால் மேலே குறைந்தது 15 சென்டிமீட்டர் விட வேண்டும். அந்த வழியாகத்தான் அது மூச்சு வாங்குகிறது.

வீட்டைப் பூட்டிட்டு மெட்ராஸ் கிளம்புறோம். அடுத்து பொங்கலுக்குத்தான் வருவோம். ஏசியை எப்படி விட்டுட்டுப் போறது?

கிளம்பும் நாள் காலையில் ஃபேன் மோடில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காயிலை உலர்த்துங்கள். ஈரத்தோடு பூட்டினால் படிந்த தூசியில் பூஞ்சை பிடிக்கும். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டி, எம்.சி.பி.யை அணைத்துவிடுங்கள். ட்ரெயின் பைப்பின் வெளிவாயில் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் குளவி அதற்குள் மண்கூடு கட்டிவிடும், திரும்பி வந்து ஏசி போட்ட முதல் நாளே தண்ணீர் உள்ளே கொட்டும்.

திரும்பி வந்ததும் நேராக ரிமோட்டை அழுத்தாதீர்கள். எம்.சி.பி.யைப் போடும் முன் டார்ச் அடித்து ப்ளோயரைப் பாருங்கள், பல்லி உள்ளே கிடப்பது சாதாரணம். அவுட்டோர் யூனிட்டின் பின்பக்க ஒட்டடையையும் குளவிக் கூட்டையும் தட்டுங்கள். அதன் மேல் தார்பாய் போர்த்திவிட்டுப் போயிருந்தால் அதை எடுத்தாயிற்றா என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போர்த்தியபடியே ஓட்டினால் சில நிமிடத்தில் கம்ப்ரஸர் சூடாகி நின்றுவிடும். முதல் பத்து நிமிடம் ஃபேன் மோடு, பிறகு கூல். கால் மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரை எடுத்து மேலேயும் கீழேயும் அளந்து, தேதியோடு ஏசியின் பக்கவாட்டில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.